இருக்கையில் உட்கார்ந்திருந்தும் ‘அலுவலகத்துக்கு வெளியே’ என்று ஆப் காட்டுவது ஏன்?

கேள்வி: “மூன்றாவது மாடியில், கட்டடத்தின் பின்பக்கம் என் இருக்கை. அங்கே உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் ஆப்பில் பஞ்ச் செய்தால் சில நாள் ஏற்கிறது, சில நாள் ‘அலுவலகத்துக்கு வெளியே இருக்கிறீர்கள், 63 மீட்டர்’ என்கிறது. இன்னொரு நாள் 58, ஒரு நாள் 70. முன்பக்கம் ஜன்னலோரம் இருப்பவருக்குப் பிரச்சினையே இல்லை. எல்லை 50 மீட்டராம். இந்த மாதம் இரண்டு அரைநாள் சம்பளம் போய்விட்டது. போன்தான் கோளாறு என்கிறார் ஹெச்ஆர். புதுப் போன் வாங்கினால் சரியாகுமா?”

புதுப் போனுக்கு இப்போது காசு செலவழிக்காதீர்கள். கோளாறு உங்கள் போனில் இருக்கலாம், ஆபிஸ் குறித்துவைத்திருக்கும் இடத்திலும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை மூன்று நாளில் நீங்களே கண்டுபிடித்துவிட முடியும். சென்னையில் எட்டு வருடமாக நிறுவனங்களுக்கு இந்த மாதிரி வருகைப்பதிவு ஆப்களை அமைத்துக் கொடுத்து, அதன்பின் வரும் புகார்களையும் பார்த்துவருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் ஆப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் அலுவலகம் என்றால் அதற்கு ஒரு புள்ளி, ஒரு தூரம், அவ்வளவுதான். யாரோ ஒரு நாள் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டு ‘இதுதான் ஆபிஸ்’ என்று சேமித்திருப்பார்கள். பக்கத்துக் கட்டத்தில் 50 என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் பஞ்ச் செய்யும்போது உங்கள் போன் ஒரு புள்ளியைக் கொடுக்கிறது. இரண்டு புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தை ஆப் கணக்கிடுகிறது. 50க்குள் வந்தால் உள்ளே, தாண்டினால் வெளியே. உங்கள் கட்டடத்தின் சுவர் எங்கே முடிகிறது, நீங்கள் எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திரையில் வந்த 63 என்பது அந்தப் புள்ளியிலிருந்து கணக்கான தூரம். வாசலிலிருந்தோ சுவரிலிருந்தோ அளந்த தூரம் அல்ல.

இதில் போன் கொடுக்கும் புள்ளி ஓர் உத்தேசம். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் இருக்கையில் இருந்தபடி கூகுள் மேப்ஸைத் திறந்து நன்றாகப் பெரிதாக்குங்கள். நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு வட்டம் தெரியும். ‘இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறார், எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று போன் ஒப்புக்கொள்வதுதான் அந்த வட்டம். மொட்டைமாடிக்குப் போனால் வட்டம் சுருங்கி ஏறக்குறைய புள்ளிக்குள்ளேயே மறைந்துவிடும். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றால் கட்டடத்தையே விழுங்கும் அளவுக்கு விரியும். ஆண்ட்ராய்டில் இந்த வட்டத்தின் ஆரத்துக்குத் திட்டமான பொருள் இருக்கிறது: நீங்கள் உண்மையில் அந்த வட்டத்துக்குள் இருப்பதற்கான வாய்ப்பு 68 சதவீதம். அதாவது போன் ‘25 மீட்டர் துல்லியம்’ என்று சொன்னாலும், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை நீங்கள் அந்த 25 மீட்டருக்கும் அப்பால் இருப்பீர்கள். இது பழுதல்ல, அந்த எண்ணின் பொருளே அதுதான். வருகைப்பதிவை நிர்வகிப்பவர்களில் இதை அறிந்தவர்களை நான் அபூர்வமாகத்தான் சந்தித்திருக்கிறேன்.

வட்டம் உள்ளே ஏன் விரிகிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நமக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘இப்போது மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் காதில் விழுந்தால்தான் இடத்தைக் கணிக்க முடியும். ஒளியின் வேகத்தில் வரும் அலை என்பதால், நேரத்தில் ஒரு மைக்ரோசெகண்ட் பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். திறந்த வானத்தின் கீழ் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது. சாதாரண ஸ்மார்ட்போனுக்கே பெரும்பாலும் 5 மீட்டருக்குள் இடம் கிடைத்துவிடும். ஆனால் அவ்வளவு தூரம் வந்துசேரும் அலைக்கு வலு மிகக் குறைவு. மேலே இரண்டு கான்கிரீட் தளம் இருந்தால் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி முகப்பு இருந்தால், சூட்டோடு சேர்த்து இந்த அலையையும் அது திருப்பி அனுப்பிவிடும். மிஞ்சியது எதிர்க்கட்டடத்தில் பட்டுத் தெறித்து ஜன்னல் வழியே வருவதுதான். தெறித்து வந்தது சுற்றுப்பாதையில் வந்தது. ஆகவே தூரம் கூடுதலாகக் கணக்காகி, புள்ளி தெருவுக்கோ அடுத்த கட்டடத்துக்கோ நகர்ந்துவிடும்.

ஆகவே உங்கள் இருக்கையில் ஜிபிஎஸ்ஸை நம்பிப் பயனில்லை, போனும் அதை மட்டும் நம்புவதில்லை. அங்கே அதற்குக் கைகொடுப்பது வைஃபை. சுற்றியுள்ள ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதைக் காற்றில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். எந்த எண் எந்த இடத்தில் கேட்கும் என்ற பெரிய பட்டியலைக் கூகுளும் ஆப்பிளும் தனித்தனியே வைத்திருக்கின்றன. வெளியே ஜிபிஎஸ் நன்றாகக் கிடைக்கும் போன்கள் போகிறபோக்கில் கேட்ட எண்களை வைத்து உருவான பட்டியல் அது. உங்கள் போன் ‘இந்த ஏழு எண்கள் எனக்குக் கேட்கின்றன, இன்னின்ன வலுவில்’ என்று விசாரித்தால், உத்தேசமான இடம் பதிலாக வரும். இந்த வழியில் துல்லியம் பொதுவாக 20 முதல் 50 மீட்டர். இதற்கு எந்த வைஃபையிலும் நீங்கள் இணைந்திருக்கத் தேவையில்லை, கேட்டால் போதும். மொபைல் டேட்டா இருக்கிறதே என்று வைஃபையை அணைத்து, பின்னணியில் தேடும் வசதியையும் அணைத்துவைத்திருந்தால் கட்டடத்துக்குள் மிஞ்சுவது செல்போன் டவர் மட்டும். அதன் பிசகு நூற்றுக்கணக்கான மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை போகும்.

இந்த 20–50 மீட்டர் பிசகை உங்கள் ஆபிஸின் 50 மீட்டர் எல்லைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிக்கல் புரிந்துவிடும். தன் ஆண்ட்ராய்டு நிரலாளர்களுக்கு எழுதிய வழிகாட்டியில் கூகுளே இப்படிப்பட்ட எல்லை வட்டங்களுக்குக் குறைந்தபட்சம் 100 முதல் 150 மீட்டர் ஆரம் வைக்கச் சொல்கிறது. 50 என்பது கட்டடத்துக்குள் இருப்பவர்களுக்கு இறுக்கமான எல்லை.

நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், உங்களுடையதற்கு மிக நெருக்கமானது. ஓஎம்ஆரில் ஒரு நிறுவனம். புகார் கொடுத்த பதினோரு பேரில் ஒன்பது பேர் பின்பக்க இருக்கைக்காரர்கள். ‘போன் கோளாறு என்றால் பின்பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லாருமே பழைய போன் வைத்திருக்கிறார்களா?’ என்று கேட்டேன். ஆப்பின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்ததும் விடை தெரிந்துவிட்டது. ஆபிஸ் என்று சேமித்திருந்த புள்ளி கட்டடத்தின் மேல் இல்லை. சாலையோரம் செக்யூரிட்டி நிற்கும் கேட்டின் மேல் இருந்தது. அமைத்தவர் கேட்டில் நின்று ‘இப்போது இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார். வண்டி நிறுத்தும் இடம், வரவேற்பு, கட்டடத்தின் ஆழம் எல்லாம் சேர்ந்து, கேட்டிலிருந்து பின்பக்க இருக்கை 41 மீட்டர். முன்பக்க ஜன்னல் வெறும் 18.

இப்போது கணக்கைப் பாருங்கள். பின்பக்கத்தில் இருப்பவருக்கு எல்லைக்கு மிஞ்சிய இடம் 50இல் 41 போக 9 மீட்டர். அவருடைய போன் சொல்லும் துல்லியம் 25 மீட்டர். பிசகு எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறுகிறது என்று வைத்துக்கொண்டால், கேட்டுக்கு எதிர்த்திசையில் 9 மீட்டருக்கு மேல் புள்ளி நகரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ‘வெளியே’ என்று வருவது இந்தக் கணக்குப்படி இயல்பு. முன்பக்கத்தில் இருப்பவருக்கு மிஞ்சிய இடம் 32 மீட்டர், அதோடு ஜன்னலோரம் என்பதால் துல்லியமும் கூடுதல். அவருக்கு அநேகமாகப் பிரச்சினையே வராது. இருவரும் ஒரே மாதிரிப் போன் வைத்திருந்தாலும் இதே கதைதான். புள்ளியைக் கட்டடத்தின் நடுவுக்கு மாற்றி ஆரத்தை 100 ஆக்கினோம். அந்தப் பக்கத்துப் புகார்கள் நின்றுவிட்டன.

உங்கள் 58, 63, 70 மூன்றும் இதே வார்ப்பில்தான் இருக்கின்றன. எண்கள் எல்லையை ஒட்டியே அலைகின்றன, சில நாள் உள்ளே விழுகின்றன, முன்பக்கத்தாருக்குப் பிரச்சினை இல்லை. ஆபிஸ் புள்ளி முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே என் பலமான சந்தேகம். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். அந்தப் புள்ளியை வரைபடத்தில் பார்க்கும்வரை அதை உறுதி என்று சொல்லக் கூடாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: 50 மீட்டர் ஆரத்தை வைத்துக்கொண்டு, உள்ளறையில் இருப்பவர் 13 மீட்டர் வெளியே இருந்தார் என்று சம்பளத்தைப் பிடிக்க இந்த அளவீட்டில் ஆதாரம் இல்லை.

புள்ளி தவறுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் தட்டச்சு செய்பவர்கள் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். சோழிங்கநல்லூர்ப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் நடு 12.90143, 80.22787 என்று வைத்துக்கொள்வோம். அதை 12.901, 80.228 என்று பதிந்தால் வடக்கு-தெற்காக 48 மீட்டரும் கிழக்கு-மேற்காக 14 மீட்டரும் நகர்ந்து, புள்ளி மொத்தம் 50 மீட்டர் தள்ளிப் போய்விடும். எல்லையின் முழு ஆரமும் அந்த ஒரு சுருக்கத்தில் கரைந்துவிட்டது. ஐந்து இலக்கம் இருந்தால் பிசகு ஒரு மீட்டரைத் தாண்டாது.

அடுத்தது, ஆப் ஒப்பிடும் முறை. துல்லிய எண்ணைப் போன் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்துவதா வீசிவிடுவதா என்பது ஆப்பை எழுதியவர் கையில். இரண்டு வகை நிபந்தனையையும் நான் பார்த்திருக்கிறேன்:

```
distance <= radius
distance - accuracy <= radius
```

முதல் வரி புள்ளியை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது வரி, வட்டத்தின் ஏதாவது ஒரு பகுதி எல்லையைத் தொட்டாலும் சந்தேகத்தின் பலனை ஊழியருக்குக் கொடுக்கிறது. உங்கள் 63இல் துல்லியம் 25 என்றால் 38 ஆகிறது. இரண்டாவது முறையில் நீங்கள் உள்ளே. ஆனால் இரண்டாவது முறையை அப்படியே விட்டால் வேறு தொல்லை வரும்: வைஃபையை அணைத்துத் துல்லியத்தை 2,000 மீட்டர் ஆக்கிவிட்டால் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டிலிருந்தே பஞ்ச் செய்யலாம். அதனால் துல்லியம் 100 மீட்டருக்கு மேல் மோசமாக இருந்தால் ஏற்காமல், ‘சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுங்கள்’ என்று சொல்வதையும் நாங்கள் சேர்த்தே வைப்போம். உங்கள் ஆப் இதில் எந்த வகை என்பதைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது ஆபிஸ் பக்கம். உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியதும் உண்டு. 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதலும், ஓர் ஆப்புக்கு உங்கள் இடத்தைத் துல்லியமாகக் கொடுப்பதா, மேலோட்டமாகக் கொடுப்பதா என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மேலோட்டமாக என்றால் சில கிலோமீட்டர் விரிந்த ஒரு பகுதி மட்டும்தான் ஆப்புக்குத் தெரியும். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் லொகேஷன் அனுமதிக்குள் `Use precise location` என்றும், ஐபோனில் `Precise Location` என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் 63 மீட்டர் என்று வராது. 900 மீட்டர், 1.8 கிலோமீட்டர் என்று வரும். உங்கள் எண்களைப் பார்த்தால் அது இயங்குகிறது என்றே தெரிகிறது, இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டாக இருந்தால் லொகேஷன் அமைப்பில் `Google Location Accuracy` என்று ஒன்று இருக்கும். வைஃபை வழியாக இடம் கணிக்கும் வேலையை இயக்குவது அதுதான். அதை அணைத்துவைத்துக்கொண்டு உள்ளறையில் துல்லியம் கிடைக்கவில்லை என்று வருந்துபவர்கள் நிறைய. பேட்டரி சேமிப்பையும் பஞ்ச் செய்யும் நேரத்திலாவது அணைத்துவிடுங்கள்.

பழைய இடம் வந்து நிற்பது தனிக் கோளாறு. ஒவ்வொரு தடவையும் புதிதாக இடம் தேட நேரமும் பேட்டரியும் செலவாகும் என்பதால், சில ஆப்கள் போன் கடைசியாகக் கண்டுபிடித்து நினைவில் வைத்திருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளும். பஸ்ஸிலிருந்து இறங்கி, அவசரமாக லிஃப்டில் ஏறி, 9:29க்கு இருக்கைக்கு வந்து பஞ்ச் செய்கிறீர்கள். போனின் நினைவில் இருப்பது பஸ் நிறுத்தம். ‘400 மீட்டர் வெளியே’ என்று வரும். அரை நிமிடம் கழித்து அழுத்தினால் ஏற்கும். இதற்கு நான் எல்லாருக்கும் சொல்லும் எளிய வழி: முதலில் கூகுள் மேப்ஸைத் திறந்து நீலப் புள்ளி உங்கள் கட்டடத்தில் வந்து உட்காரும்வரை பத்து, இருபது விநாடி காத்திருங்கள், பிறகு அட்டெண்டன்ஸ் ஆப்பைத் திறங்கள். மேப்ஸ் கேட்ட புதிய இடம் நினைவில் ஏறிவிடும், ஆப்பும் அதையே எடுத்துக்கொள்ளும். ஆப் பழைய இடத்தை எடுக்கும் வகையாக இருந்தால் இது பலிக்கும். புள்ளி தவறான இடத்தில் பதிந்திருந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் பலன் இராது. அந்த வேறுபாடே ஒரு சோதனைதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். ஒரு நிறுவனம் கிண்டியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு அலுவலகத்தை மாற்றியது. மேசை, நாற்காலியோடு வைஃபை கருவிகளையும் கழற்றிக்கொண்டுபோய்ப் புதிய மாடியில் மாட்டினார்கள். திங்கள்கிழமை காலையில் நடுமாடியில் இருந்தவர்களில் பலருக்கு ஆப் ‘கிண்டியில் இருக்கிறீர்கள்’ என்றது. மேப்ஸைத் திறந்தால் நீலப் புள்ளி பழைய கட்டடத்தின் மேலேயே நின்றது. அதைவிட மோசம், சுற்றியிருந்த வட்டம் சிறியதாக, நம்பிக்கையோடு இருந்தது. பட்டியலில் அந்தக் கருவிகளின் இடம் இன்னும் கிண்டி. கேட்ட பன்னிரண்டு எண்களும் ஒருமித்துக் கிண்டி என்று சாட்சி சொன்னால் போனுக்குச் சந்தேகப்படக் காரணம் இல்லை. துல்லியம் நல்லதாகக் காட்டினால் இடம் சரியாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் காலையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஜன்னலோரம் போய் நின்றவர்களுக்கு ஜிபிஎஸ் கிடைத்துப் புள்ளி சரியான இடத்துக்குத் தாவியது. போன்கள் புதிய இடத்தில் இந்த எண்களைக் கேட்கக் கேட்கப் பட்டியல் தானாகவே திருந்தும், ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை அந்த ஊழியர்களின் வருகையைக் கையால் பதியச் சொன்னோம். வைஃபை பெயரின் முடிவில் `_nomap` என்று சேர்த்தால் கூகுளும் ஆப்பிளும் அந்தக் கருவியைப் பட்டியலிலிருந்து விலக்கிவிடும். ஆனால் அதுவும் உடனே நடந்துவிடாது, விலக்கிய பிறகு உள்ளறையில் இடம் காட்ட ஆளில்லாமலும் போய்விடும். யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மூன்று நாள், தினமும் ஒரே நேரத்தில், உங்கள் இருக்கையிலேயே இருந்து, மேலே சொன்ன சுவிட்சுகள் எல்லாம் இயங்கும் நிலையில் மேப்ஸைத் திறந்து, புள்ளி உட்கார்ந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட். உடனே அட்டெண்டன்ஸ் ஆப்பில் பஞ்ச் செய்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட். மறக்காமல் முன்பக்கத்து நண்பரை ஒரு நாள் உங்கள் இருக்கைக்கு அழைத்து அவர் போனிலும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் அவர் ஜன்னலோரம் போய் உங்கள் போனில் செய்து பாருங்கள்.

அவர் போனும் உங்கள் இருக்கையில் 55, 60 என்று காட்டினால், உங்கள் போன் ஜன்னலோரம் ஒழுங்காக ஏற்றால், வழக்கு முடிந்தது, கோளாறு இடத்தில்தான். மேப்ஸில் நீலப் புள்ளி சரியாக உங்கள் கட்டடத்தின் பின்பகுதியில் நிற்க, அதே நிமிடம் ஆப் ‘வெளியே’ என்றால் ஆபிஸ் புள்ளி தவறு என்பதற்கு அது இன்னும் நேரடிச் சான்று. மாறாக, அவர் போன் உங்கள் இருக்கையில் எப்போதும் உள்ளே என்று காட்டி, உங்கள் போனில் மட்டும் நீலப் புள்ளியே கட்டடத்தை விட்டு அலைந்தால், ஹெச்ஆர் சொன்னது சரி. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அமைப்புகளைத்தான்.

இந்த ஸ்கிரீன்ஷாட்களோடு ஹெச்ஆரிடம் மூன்று கேள்வி கேளுங்கள், எழுத்தில், பணிவாக. ஆபிஸ் என்று பதிந்திருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்ன? தூரத்தோடு துல்லியத்தையும் ஆப் பதிகிறதா, பதிந்தால் என் இரண்டு அரைநாள்களில் அது எவ்வளவு? ஆரத்தை 100 ஆக்க முடியுமா? முதல் கேள்விக்கு வரும் எண்ணை அப்படியே மேப்ஸின் தேடல் கட்டத்தில் ஒட்டினால் ஊசி எங்கே குத்துகிறது என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு அரைநாளுக்கும் ரெகுலரைசேஷன் கோரிக்கையை இன்றே போட்டுவிடுங்கள். பல நிறுவனங்களில் மாதக் கடைசி தாண்டினால் பூட்டிவிடுவார்கள்.

ஆரத்தைக் கூட்டக் கேட்டால் ‘எதிர் டீக்கடையில் நின்று பஞ்ச் செய்வார்களே’ என்பார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 60 மீட்டரில் இருக்கும் டீக்கடையையும் 41 மீட்டரில் இருக்கும் இருக்கையையும், 25 மீட்டர் பிசகும் அளவுகோலை வைத்துப் பிரிக்க முடியாது. ஆரத்தைக் குறைத்தால் டீக்கடைக்காரர்கள் மட்டும் வெட்டுப்பட மாட்டார்கள், உங்களைப் போன்றவர்களும் சேர்ந்து வெட்டுப்படுவார்கள். கட்டடத்துக்குள் இருக்கிறாரா என்பது அவ்வளவு முக்கியம் என்றால், போன் ஆபிஸ் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று பார்க்கலாம், வரவேற்பில் கைரேகைக் கருவி வைக்கலாம். நான் அமைக்கும் இடங்களில் லொகேஷனை ‘இந்த வளாகத்தில் இருக்கிறார்’ என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

யாராவது இடத்தை மாற்றிக் காட்டும் ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். அப்படி வரும் இடத்தைப் ‘போலி’ என்று ஆண்ட்ராய்டே முத்திரை குத்திக் கொடுக்கும் வசதி இருக்கிறது, வருகைப்பதிவு ஆப்கள் அதைப் பார்க்கின்றன. இன்று உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அந்த ஒரு பதிவோடு போய்விடும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு அலைவரிசையில் ஜிபிஎஸ் கேட்கும் போன்கள் இப்போது கிடைக்கின்றன. உயரமான கட்டடங்களுக்கு நடுவே தெருவில் நடக்கும்போது, தெறித்து வரும் அலையை அவை நன்றாகப் பிரித்தறியும். மூன்றாவது மாடியின் பின்பக்க இருக்கையில் அலையே வந்து சேராதபோது அந்த வசதிக்கு வேலை இல்லை. அங்கே எந்த விலைப் போனும் வைஃபை பட்டியலைத்தான் கேட்கும். மூன்று நாள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தபின் எண்களை இங்கேயே பதியுங்கள், பெயரும் நிறுவனமும் இல்லாமல். பார்த்துச் சொல்கிறேன்.